மூக்கில் சதை, மார்பில் இழுப்பு, கையில் ஒரு வலி மாத்திரை

(பள்ளிப்பட்டில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு வியாதியைப் பற்றிப் பேசப் போகிறோம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. உங்களில் பலர் சபையின் மருத்துவ முகாம்களில் உதவி செய்கிறீர்கள். சிலர் வீட்டிலோ சபைக் கட்டிடத்திலோ ஒரு மருந்துப் பெட்டி வைத்திருக்கிறீர்கள். கழுத்து வலி, முழங்கால் வலி என்று வருகிற ஒருவருக்கு நல்ல மனதோடு ஒரு வலி மாத்திரையை எடுத்துக் கொடுப்பீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கும் மேலாக அதனால் கெடுதி ஒன்றும் வராது. ஆனால் ஒரு சிலருக்கு அந்த ஒரு மாத்திரை ஒரு மணி நேரத்திற்குள் மூச்சை அடைத்துவிடும். அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே காட்டும் அடையாளம், ஆச்சரியமாக, அவர்களுடைய மூக்கிலேயே இருக்கிறது.

முதலில் மூக்குச் சதை என்றால் என்ன என்று பார்ப்போம். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் மேற்பகுதியில், தேன்கூட்டைப் போல சின்னச் சின்ன எலும்பு அறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்புறம் மெல்லிய ஈரத்தோலால் மூடப்பட்டிருக்கிறது. அந்தத் தோல் மாதக்கணக்கில் அழற்சியுற்று வீங்கினால், அதில் நீர் கோத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கி, மூக்கின் பாதைக்குள் இறங்கி வருகிறது. விளக்கு வைத்துப் பார்த்தால் தோலுரித்த திராட்சை போலவோ, இளநுங்கு போலவோ வெளிறி, வழவழப்பாகத் தெரியும். தொட்டால் வலிக்காது. இதைத்தான் பாலிப் என்கிறோம். இது புற்றுநோய் அல்ல.

நம் ஊரில் ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மூன்று காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூக்கின் பக்கச் சுவரில் எல்லாருக்கும் இயற்கையாகவே சிவந்த மடிப்புகள் உண்டு. ஜலதோஷத்தில் அவை வீங்கினால் சிலர் சதை என்று பயந்துவிடுகிறார்கள். அது பாலிப் அல்ல. இரண்டாவதாக, குளம் குட்டைகளில் குளிப்பவர்களுக்குத் தென் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வருகிற ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் உண்டு. அந்தச் சதை செம்புற்றுப்பழம் போலச் சிவந்து, வெள்ளைப் புள்ளிகளோடு, தொட்டவுடன் இரத்தம் கசியும். அதற்கு வைத்தியமே வேறு. மூன்றாவதாக, ஒரே ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை வளர்ந்து, இரத்தமும் வந்தால், அது கட்டியாக இருக்கக்கூடும். அதைத் தாமதமில்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். நாம் இன்று பேசுகிற பாலிப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், வெளிறியிருக்கும், இரத்தம் கசியாது.

இப்போது ஒரு வியாதியஸ்தரை உங்கள் முன் நிறுத்துகிறோம். இவர் தனியொரு மனிதர் அல்ல. இந்த நோய் நடக்கிற வழியைக் காட்ட, பலருக்கு நேர்வதைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறோம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்தாறு. சின்ன வயதில் ஆஸ்துமா கிடையாது. குடும்பத்திலும் இல்லை. தலைவலிக்கு ஆஸ்பிரின் எத்தனையோ தரம் போட்டிருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை.

முப்பத்திரண்டாவது வயதில் அவருக்கு ஒரு ஜலதோஷம் பிடித்தது. எல்லாருக்கும் ஒரு வாரத்தில் விடுவது அவருக்கு விடவில்லை. மூக்கு அடைத்தே இருந்தது. சில மாதங்களில் வாசனை போயிற்று. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து வீடு முழுவதும் புகைந்தபோதுகூட அவருக்குத் தெரியவில்லை, மனைவி வந்து சொல்லித்தான் தெரிந்தது. சாப்பாட்டில் உப்பு, புளி, காரம் தவிர வேறு ருசி இல்லை. இரவில் வாயால் மூச்சு விட்டார். அடுத்த இரண்டு வருடத்திற்குள் மார்பில் இழுப்பு ஆரம்பித்தது. ‘தறித் தூசி, அதுதான்’ என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார்.

இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசியும், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் புகையும் மூச்சுக்குழாயை உறுத்தும் என்பது மெய். வேலையால் மட்டும் வருகிற இழுப்பு பெரும்பாலும் வேலை நாட்களில் கூடி, ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தால் குறையும். நாம் சொல்கிற நெசவாளருக்கு அப்படிக் குறையவில்லை. திருவிழாவுக்குத் தறி நின்ற பத்து நாளும் மூக்கு அடைத்தே இருந்தது, வாசனையும் திரும்பவில்லை. தூசி அவருடைய இழுப்பைக் கூட்டியிருக்கலாம். ஆனால் மூக்கில் சதையை வளர்த்தது தூசி அல்ல. விடுமுறையிலும் மாறாத அடைப்பு, போய்விட்ட வாசனை, பெரியவரான பிறகு புதிதாக வந்த இழுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் தூசியின் மேல் பழியைப் போட்டு விட்டுவிடக் கூடாது.

ஒரு நாள் பாவு தூக்கினதில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு இடத்தில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நாற்பது நிமிடத்தில் மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. கண் சிவந்தது, முகமும் கழுத்தும் கன்றிப் போயிற்று. அதன்பின் மார்பு இறுகியது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு இரண்டு வார்த்தையாகப் பேசினார். நல்லவேளையாக வீட்டார் உடனே ஆட்டோ பிடித்தார்கள். ஆக்சிஜனும், நெபுலைசரில் சால்பியூட்டமாலும், நரம்பில் ஸ்டீராய்டும் கொடுத்து அவரைத் தேற்றினார்கள். ‘ஊசி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் சீட்டில் எழுதினார்கள். எந்த ஊசி, எந்த வகை மருந்து என்று எழுதவில்லை. ஆகவே இன்னொரு வருடம் கழித்து வேறு பெயருள்ள வேறு வலி மாத்திரையில் அதே கதை திரும்ப நடப்பதற்கு வழி திறந்தே இருந்தது.

மூக்குச் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய இந்த மூன்றும் ஒரே வியாதியின் மூன்று முகங்கள் என்பதை 1922-ல் பாரிஸில் ஃபெர்னாண் விடால் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். அப்போது அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1968-ல் அமெரிக்காவில் மேக்ஸ் சாம்டர், ரோலண்ட் பியர்ஸ் என்ற இருவர் மறுபடி விரிவாக எழுதின பிறகுதான் உலகம் கவனித்தது. அதனால் இன்றும் இதற்குச் சாம்டர் முக்கூட்டு என்ற பெயர் வழங்குகிறது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு இது உண்டு. ஆஸ்துமா கடுமையாக உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர். மூக்கில் பாலிப்போடு வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். எங்கள் புற நோயாளிப் பிரிவில் ஒரு காலையில் வந்து உட்காருகிற ஆஸ்துமாக்காரர்களை எண்ணிப் பார்த்தால், இது அபூர்வ வியாதி அல்ல என்பது விளங்கும்.

ஏன் வலி மாத்திரை மூச்சை அடைக்கிறது? நம் சரீரத்தின் செல்களில் ஒரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. அதை ஒரு ஏரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு மதகுகள் வழியாகத் தண்ணீர் போகிறது. ஒரு மதகின் வழியே போவது புராஸ்டகிளாண்டின் என்ற பொருள்களாகிறது. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது இவற்றில் சில. ஆனால் இவற்றில் ஒரு வகை மூச்சுக்குழாய்க்குக் காவற்காரனாகவும் இருக்கிறது. அது மற்ற மதகின் மேல் கை வைத்து, அதை அதிகம் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மற்ற மதகின் வழியே போவது லூக்கோட்ரையீன் என்ற பொருள்களாகிறது. இவை மூச்சுக்குழாயைச் சுருக்கும், மூக்கை வீங்க வைக்கும், சளியைக் கூட்டும். ஆஸ்பிரினும் அதன் இனத்து மாத்திரைகளும் முதல் மதகை அடைக்கின்றன, அதனால்தான் வலி குறைகிறது. 1971-ல் இங்கிலாந்தில் ஜான் வேன் இதைக் கண்டுபிடித்தார், 1982-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். நம்மில் பெரும்பாலோருக்கு முதல் மதகை அடைத்தாலும் இரண்டாவது மதகு அமைதியாக இருக்கும். இந்த வியாதி உள்ளவர்களுக்கோ இரண்டாவது மதகு ஏற்கெனவே பாதி திறந்து, நிரம்பி வழியும் நிலையில் இருக்கிறது. காவற்காரனை அப்புறப்படுத்தியவுடன் அது முழுதாகத் திறந்துகொள்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. ஒன்று, இது சாதாரண அலர்ஜியைப் போன்றதல்ல. ஆகவே தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ இரத்தப் பரிசோதனையோ இதைக் காட்டாது. முன்பு பத்து வருடம் ஆஸ்பிரின் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதும் இன்றைக்குப் பாதுகாப்பு அல்ல. வியாதி நடுவயதில் உண்டாகிறது. இரண்டாவது, ஆபத்து ஒரு மருந்தில் இல்லை, முதல் மதகை அடைக்கிற எல்லா மருந்திலும் இருக்கிறது. 1975-ல் போலந்து நாட்டில் ஆண்ட்ஜெய் ஷெக்லிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைக் காட்டினார்கள். அந்த மதகை அடைக்கும் மாத்திரைகள்தாம் இவர்களுக்கு இழுப்பை வரவழைத்தன, அடைக்காதவை வரவழைக்கவில்லை.

ஆகையால் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் கேட்கும் பெயரைவிட, அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரே முக்கியம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், கீட்டோரோலாக், மாதவிலக்கு வலிக்குப் பெண்கள் போடுகிற மெஃபனமிக் ஆசிட் ஆகியவை ஒரே இனம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற டிஸ்பிரின் என்பது ஆஸ்பிரின்தான். காம்பிஃப்ளாம் என்பதில் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபெனும் கலந்திருக்கிறது. பாராசிட்டமால் மாத்திரை என்று நினைத்து இதைப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

அப்படியானால் இவர்களுக்கு வலி வந்தால் என்ன செய்வது? பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. அதிலும் 1000 மில்லிகிராமுக்கு ஏற்றினால் சிலருக்கு லேசான இழுப்பு வரலாம். அது போதாதவர்களுக்கு செலிகாக்ஸிப், எட்டோரிகாக்ஸிப் போன்றவை இருக்கின்றன. அவை அந்தக் காவற்காரனை ஏறக்குறையத் தொடுவதில்லை. ஆனாலும் முதல் தடவை மருத்துவரின் கண் முன்பாக, ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்ப்பது நல்லது. இருதய வியாதிக்காகத் தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் தேவைப்படுகிறவர்கள் அதைத் தாங்களே நிறுத்தவும் கூடாது, தாங்களே ஆரம்பிக்கவும் கூடாது. இருதய மருத்துவரிடம் மூக்கையும் இழுப்பையும் பற்றிச் சொன்னால் அவர் மாற்று மருந்தைத் தேடுவார்.

இனி அந்த நெசவாளருக்கு வைத்தியம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மெல்லிய குழாய் போன்ற எண்டோஸ்கோப்பை மூக்கில் விட்டுப் பார்த்ததில் இரண்டு பக்கமும் வெளிறின பாலிப் தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் கண்களுக்கு நடுவேயுள்ள அறைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூடியிருந்தன. ஊசி போட்ட நாற்பது நிமிடத்தில் நடந்ததை அவர் தெளிவாகச் சொன்னதால், வியாதியை உறுதி செய்ய அதுவே போதுமானதாயிருந்தது. கதை தெளிவில்லாத இடத்தில் ஆஸ்பிரினையே கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. ஆனால் அது அவசர உதவி எல்லாம் தயாராக உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்யத்தக்கது. வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது.

முதற்கட்ட வைத்தியம் மலிவானது, ஆனால் பொறுமை வேண்டும். தினமும் இரண்டு வேளை உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீர் ஒரு டம்ளர், ஏறக்குறைய கால் லிட்டர். அதில் அரைத் தேக்கரண்டி அயோடின் கலக்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. சிறிய பிளாஸ்டிக் பாட்டிலால் ஒரு துவாரத்தில் விட்டால் மறு துவாரத்தில் வரும். தண்ணீரைக் கொதிக்க வைப்பதைத் தவறவிடக் கூடாது. குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ நேராக மூக்கில் விட்டால் அமீபா கிருமி மூளைக்கு ஏறும் ஆபத்து அரிதாக உண்டு. 2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபாவால் வந்த மூளைக்காய்ச்சலைப் பற்றிச் செய்தித்தாளில் வாசித்திருப்பீர்கள்.

கழுவின பிறகு ஸ்டீராய்டு ஸ்பிரே. இதைப் பலர் தவறாக அடித்துவிட்டு ‘பிரயோஜனமில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். தலையை அண்ணாந்து அடிக்கக் கூடாது, சற்றுக் குனிய வேண்டும். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் பிடித்து, நுனியைக் காதுப் பக்கமாகத் திருப்பி அடிக்க வேண்டும். நடுச்சுவரின் மேல் அடித்தால் இரத்தம் கசியும், மருந்தும் சேர வேண்டிய இடத்தில் சேராது. அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். மார்புக்கு இன்ஹேலரும் கூடவே நடக்க வேண்டும். மூக்கும் மார்பும் ஒரே பாதை. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை ஆற்ற முடியாது.

சதை மிகவும் பெரிதாயிருந்தால், பிரெட்னிசலோன் மாத்திரையை ஒன்று அல்லது இரண்டு வாரம் மட்டும் மருத்துவர் கொடுப்பார். இது கண்கூடாக வேலை செய்யும். மூக்கு திறக்கும், சில நாளில் வாசனை திரும்பும். அந்த நெசவாளருக்கு ஐந்தாம் நாள் காப்பியின் மணம் வந்தது, அவர் அழுதுவிட்டார். ஆனால் இந்தச் சந்தோஷத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் அடைப்பு திரும்பி வருகிறது. உடனே பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். வருடத்தில் பல தரம் இப்படிப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும், வயிறு புண்ணாகும். வருடத்திற்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவைக்கு மேல் இது தேவைப்படுகிறது என்றால் வேறு வழி தேட வேண்டும் என்று அர்த்தம். லூக்கோட்ரையீனைத் தடுக்கும் மாண்டிலூகாஸ்ட் என்ற மாத்திரையும் சிலருக்கு உதவுகிறது. அதைப் போடும்போது தூக்கம் கெடுதல், கெட்ட கனவு, மனச்சோர்வு என்று ஏதாவது தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது அறுவை சிகிச்சை. முற்காலத்தில் ஒரு கம்பிக் கண்ணியைச் சதையின் மேல் மாட்டி இழுத்தெடுப்பார்கள். வேர்ப்பகுதி எலும்பறைக்குள்ளேயே இருந்ததால் சீக்கிரம் வளர்ந்துவிடும். இப்போது முழு மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோப்பின் வழியாகப் பார்த்துக்கொண்டே, சதையை எடுத்து, அடைபட்ட அறைகளின் வாசலைத் திறந்துவிடுகிறார்கள். முகத்தில் வெட்டுக் காயம் இராது. அறைகளுக்கு ஒரு பக்கம் கண்ணும் மேலே மூளையும் மெல்லிய எலும்புக்கு அப்பால் இருப்பதால், தேர்ந்த கைகள் வேண்டும். ஸ்கேன் படம் முன்னால் இருக்க வேண்டும். இழுப்பு அடங்கின பிறகே மயக்கம் கொடுக்கலாம். இன்னொன்றையும் வியாதியஸ்தரின் வீட்டார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ‘ஐயா, இவருக்கு வலி ஊசி ஆகாது.’ ஏனென்றால் அறுவை முடிந்த இரவில் வழக்கமாகப் போடுகிற வலி ஊசி டைக்ளோஃபெனாக்காக இருக்கலாம்.

அறுவை செய்தால் வியாதி தீர்ந்ததா? தீரவில்லை. இதை முன்னமே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். அறுவை வாசலைத் திறக்கிறது, உள்ளே உள்ள அழற்சியை நிறுத்துவதில்லை. பெல்ஜியத்தில் பாலிப்புக்கு அறுவை செய்துகொண்டவர்களைப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேருக்குச் சதை திரும்ப வளர்ந்திருந்தது. மூன்றில் ஒருவருக்கும் மேலாக மறு அறுவை தேவைப்பட்டிருந்தது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் திரும்புகிறது. அப்படியானால் அறுவை ஏன்? வாசல் திறந்த பிறகுதான் உப்புநீரும் ஸ்பிரேயும் உள்ளே போய்ச் சேருகின்றன. அறுவை முடிந்ததும் வைத்தியம் முடிந்தது என்று எண்ணுகிறவர் ஒரு வருடத்தில் திரும்பி வருகிறார். தினமும் கழுவி மருந்தடிக்கிறவர் பல வருடம் வாசனையோடு வாழ்கிறார்.

இன்னொரு வழி கேட்க விநோதமாயிருக்கும். எந்த ஆஸ்பிரின் அவரைக் கொல்லப் பார்த்ததோ, அதையே மருந்தாக்குவது. அறுவை முடிந்து சில வாரங்களில், ஆஸ்பத்திரியில் வைத்து, 40 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் ஆரம்பித்து, ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக 325 மில்லிகிராம் வரை ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் மூச்சின் பலத்தை அளக்கிறார்கள். லேசான இழுப்பு வந்தால் அதை அடக்கி, பிறகு தொடர்கிறார்கள். முடிவில் சரீரம் பழகிவிடுகிறது. அதன்பின் தினமும் தவறாமல் ஆஸ்பிரின் சாப்பிட்டால் சதை மறுபடி வளர்வது பலருக்குத் தாமதமாகிறது. ஆனால் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால் பழக்கம் போய்விடும், பழைய ஆபத்து திரும்பும். வயிற்றுப் புண், இரத்தக் கசிவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. மருந்து மலிவு, ஆனால் ஒழுங்கு அதிகம் வேண்டும். தவறாமல் சாப்பிட வாய்ப்பில்லாதவருக்கு இதை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

கடைசியாக, புதிய ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. டியூபிலுமாப் என்பதை அமெரிக்காவில் 2019-ல் மூக்குப் பாலிப்புக்கு அனுமதித்தார்கள். தோலின் கீழே இரண்டு வாரத்திற்கு ஒருமுறை போட வேண்டும். சதை சுருங்குகிறது, வாசனை திரும்புகிறது, இழுப்பும் குறைகிறது. ஆனால் நிறுத்தினால் பலருக்கு வியாதி திரும்புகிறது. விலையோ ஒரு நெசவுக் குடும்பத்தின் வருமானத்திற்கு எட்டாதது. ஆகவே எங்கள் பக்கத்தில் உப்புநீர், ஸ்பிரே, இன்ஹேலர், தேவைப்பட்டால் அறுவை, இவைதான் இன்றைக்கும் கைக்கு எட்டுகிற வைத்தியம். ஒழுங்காகச் செய்தால் இவையே பெருமளவு சுகம் தருகின்றன.

இப்போது உங்கள் மருந்துப் பெட்டிக்குத் திரும்புவோம். முகாமில் வலிக்கு மாத்திரை கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இழுப்பு அல்லது ஆஸ்துமா உண்டா? வாசனை தெரியாமல் போயிருக்கிறதா, மூக்கில் சதை என்று யாராவது சொன்னார்களா? எந்த மாத்திரையாவது ஊசியாவது போட்டு மூச்சுத் திணறினது உண்டா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அந்த இனத்து மருந்து வேண்டாம். முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றாலும் வேண்டாம், அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். ‘ஆகாது’ என்று தெரிந்தவர்களுக்கு ஒரு சிறிய அட்டையில் அந்த மருந்துகளின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள், சட்டைப் பையிலோ பர்ஸிலோ எப்போதும் இருக்கட்டும். அந்த நெசவாளரின் சீட்டில் எழுதப்படாமல் போனது இதுதான்.

மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்திற்குள் ஒருவருக்கு மூக்கொழுகி, முகம் சிவந்து, மூச்சு இறுகினால், அவரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அவரிடம் சால்பியூட்டமால் இன்ஹேலர் இருந்தால் ஸ்பேசர் குழாயோடு ஒவ்வொன்றாக நான்கு முதல் ஆறு முறை அடியுங்கள், வண்டி வர இருபது நிமிடத்திற்கு மேல் ஆனால் மறுபடியும் அடியுங்கள். ஒரு அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் குறைகிறதா என்று காத்திருக்காதீர்கள். அது மூச்சுக்குழாயைத் திறக்காது. நெஞ்சு விசில் சத்தம் குறைந்து, ஆள் களைத்து, பேச்சும் நின்றால், அது குணமாவதின் அடையாளம் அல்ல. காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அந்த நிமிடங்களில் வேகமாகச் செயல்படுவதே உயிரைக் காப்பாற்றும்.

வாசனை தெரியாத ஒரு ஆஸ்துமாக்காரர் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். இன்று வீட்டுக்குப் போனதும் மருந்துப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பின்புறத்துச் சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள்.